பம்ப் கம்பெனிக்கு டிரெய்னி வேலை மெயில்: அனுபவம் இல்லை, என்ன எழுதுவது?

நம்பியூரான்

வணக்கம். 2025-ல் பி.இ. மெக்கானிக்கல் முடித்தேன். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனி, டெஸ்டிங் பிரிவுக்கு டிரெய்னி எடுப்பதாகத் தங்கள் இணையதளத்தில் போட்டிருக்கிறது. போஸ்ட் கோடு QT-03. போர்ட்டல், படிவம் எதுவும் கிடையாது. `careers@` என்று தொடங்கும் ஒரு முகவரிக்கு ரெஸ்யூமே அனுப்பச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு வேலை அனுபவம் சுத்தமாக இல்லை. சிஜிபிஏ 6.9. ஸ்டாண்டிங் அரியர் இல்லை.

மெயில் ஆங்கிலத்தில்தான் போகும். நான் எழுதி வைத்திருப்பதை இங்கே தமிழில் சொல்கிறேன். எங்கே உதைக்கிறது என்று பாருங்கள்.

> சப்ஜெக்ட்: `Application for suitable post`
>
> மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நான் கடின உழைப்பும் அர்ப்பணிப்பும் உள்ள மெக்கானிக்கல் பட்டதாரி. உங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் என் திறமைகளை வளர்த்துக்கொள்ள ஒரு வாய்ப்பைத் தேடுகிறேன். எனக்கு அனுபவம் இல்லாவிட்டாலும் எதையும் விரைவாகக் கற்றுக்கொள்வேன். கல்லூரியில் பம்ப் சம்பந்தமாக ஒரு புராஜெக்ட் செய்து, பம்ப் திறன் 48% என்று கண்டறிந்தோம். தனியாகவும் குழுவாகவும் வேலை செய்வேன். ரெஸ்யூமே இணைத்துள்ளேன். தங்கள் சாதகமான பதிலை எதிர்நோக்கும்...

அட்டாச்மென்ட்டின் பெயர் `resume final new (2).pdf`. அதை மாற்றிவிடுவேன், திட்ட வேண்டாம்.

---

ராக்கெட் ரவி

ப்ரோ, மெயிலில் என்ன எழுதினாலும் மனுஷன் படிக்கப்போவதில்லை. ரெஸ்யூமேக்களை வடிகட்டும் ஏடிஎஸ் சாஃப்ட்வேர்தான் எல்லாம் படிக்கும். விளம்பரத்தில் இருக்கும் வார்த்தைகளை எல்லாம் ரெஸ்யூமேயின் அடியில் வெள்ளை எழுத்தில் சின்னதாகப் போட்டுவிடு. கண்ணுக்குத் தெரியாது, மெஷினுக்குத் தெரியும். நாங்கள் ஐடியில் இப்படித்தான் உள்ளே போனோம்.

---

மீனா எச்ஆர்

ரவி சொல்வது பெரிய ஐடி கம்பெனிகளின் போர்ட்டலுக்கு ஓரளவு பொருந்தும். ஆனால் `careers@` முகவரிக்கு அனுப்பு என்று நேரடியாகப் போட்டிருக்கும் உற்பத்திக் கம்பெனிகளில் பெரும்பாலும் அப்படி எதுவும் இருக்காது. நான் இருப்பது பம்ப் துறை இல்லை, வால்வு தொழிற்சாலை. எங்கள் கேரியர்ஸ் இன்பாக்ஸ் நானும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து பார்க்கும் ஒரு பொது மெயில்பெட்டி, அவ்வளவே. காலையில் டீ குடித்துக்கொண்டே ஃபோனில் ஒரு முறை ஓட்டிப் பார்ப்போம். அப்போது கண்ணில் படுவது மூன்றுதான்: அனுப்பியவர் பெயர், சப்ஜெக்ட், மெயிலின் முதல் வரியில் பாதி.

தம்பியின் மெயிலில் அந்த மூன்றும் வீணாகப் போகின்றன. சப்ஜெக்டில் எந்த வேலை என்றே இல்லை. முதல் வரி நலம் விசாரிப்பு. திறந்து பார்த்தால்தான் மெக்கானிக்கல் என்று தெரியும். டிப்ளமோவா டிகிரியா, எந்த வருடம், எந்த ஊர், எப்போது சேரலாம் என்று தெரிந்துகொள்ள அட்டாச்மென்ட்டையும் திறக்க வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போனால் அது கீழே போய்விடும். பிறகு அந்த போஸ்ட்டுக்கு ஆள் தேடும்போது நாங்கள் இன்பாக்ஸின் தேடல் பெட்டியில் `QT-03` என்று அடிப்போம். சப்ஜெக்டிலும் மெயிலின் உள்ளேயும் அது இல்லாத மெயில் எங்களுக்கு இல்லாத மெயில்தான்.

ரவி சொன்னதில் ஒரு பாதி இதுதான். தேடலில் சிக்க வேண்டும் என்பது உண்மை. அதற்கு வெள்ளை எழுத்து எதற்கு? ரெஸ்யூமே நிஜமான எழுத்துள்ள பிடிஎஃப்பாக இருந்தால் போதும். சிலர் அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, ஃபோனில் படம் எடுத்து அதை பிடிஎஃப் ஆக்கி அனுப்புகிறார்கள். அதில் ஒரு சொல்லைக்கூடச் செலக்ட் செய்ய முடியாது, தேடலிலும் வராது. உங்கள் பிடிஎஃப்பைத் திறந்து ஒரு வரியை விரலால் அழுத்திப் பாருங்கள். எழுத்து செலக்ட் ஆனால் சரி. இன்னொன்று, கூகுள் டிரைவ் லிங்க் மட்டும் அனுப்பாதீர்கள். பாதிப் பேர் அனுமதியைத் திறந்து வைப்பதில்லை. எனக்கு "அனுமதி கேள்" என்று ஒரு பக்கம் வரும், நான் கேட்கமாட்டேன்.

---

ஓய்வு வாத்தியார்

என் கருத்தையும் வைக்கிறேன். விண்ணப்பம் என்றால் ஒரு முறை உண்டு. அனுப்புநர், பெறுநர், பொருள், மதிப்பிற்குரிய ஐயா, இங்ஙனம் தங்கள் உண்மையுள்ள. இதை எல்லாம் எடுத்துவிட்டால் பையன் மரியாதை தெரியாதவன் என்று நினைப்பார்கள். முதல் வரியிலேயே வேலை எண்ணைச் சொல்லி ஆரம்பிப்பது கடைக்குப் போய் ஆர்டர் கொடுப்பதுபோல இருக்கிறது.

---

மீனா எச்ஆர்

சார், மரியாதை வேண்டாம் என்று சொல்லவில்லை. 'டியர் சார் / மேடம்' ஒரு வரி இருக்கட்டும். அனுப்புநர் முகவரி நான்கு வரி, பெறுநர் முகவரி ஐந்து வரி, இடம், தேதி என்று ஆரம்பித்தால் ஃபோன் திரையில் விஷயமே வராது. தேதியை மெயில் தானே போட்டுக்கொள்ளும். அந்த ஒன்பது வரி தபாலுக்கு உரியது.

---

சோதனைமேடை

நான் கோவையில் பம்ப் டெஸ்டிங்கில் ரொம்ப வருடமாக இருக்கிறேன். மீனா அம்மா சொன்னது வாசல் வரைக்கும். அதற்கப்புறம் என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன். எச்ஆர் பத்துப் பதினைந்து மெயிலைப் பொறுக்கி எனக்கு ஃபார்வர்ட் செய்வார்கள். "சார், இதில் யாரைக் கூப்பிட?" என்று ஒரு வரி மேலே இருக்கும். நான் ரெஸ்யூமேயை உடனே திறப்பதில்லை. கீழே பையன் எழுதிய மெயில் தெரியுமே, அதைத்தான் முதலில் படிப்பேன். ஆக தம்பி, உன் மெயிலுக்கு இரண்டு வாசகர். முதல் ஆளுக்குப் பம்ப் தெரியாது, விவரம் வேண்டும். இரண்டாவது ஆளுக்கு உன் ஊரும் தேதியும் முக்கியமில்லை, நீ எதையாவது கையால் தொட்டிருக்கிறாயா என்று தெரிய வேண்டும்.

கடின உழைப்பு, அர்ப்பணிப்பு எல்லாம் என் கண்ணில் படுவதே இல்லை. எல்லார் மெயிலிலும் அதே வரி. உன்னுடையதில் நான் நின்ற இடம் "பம்ப் திறன் 48%". எந்த பம்ப்? எப்படி அளந்தாய்? அதைச் சொல், மீதியை அப்புறம் பார்க்கலாம்.

---

பி.காம் பிரியா

எனக்கும் இதே பிரச்சினை! நான் பி.காம்., டேலி தெரியும், அனுபவம் இல்லை. முப்பது கம்பெனிக்கு ஒரே மெயில் அனுப்பினேன், ஒன்றுகூட பதில் இல்லை. ரெஸ்யூமேயில் ஃபோட்டோ போடாததால் இருக்குமோ?

---

மீனா எச்ஆர்

பிரியா, முப்பது முகவரியையும் 'டூ' பெட்டியிலேயே போட்டீர்களா?

---

பி.காம் பிரியா

ஆமாம் அக்கா. ஒரே தடவையில் போய்விடுமே என்று.

---

மீனா எச்ஆர்

அப்படியானால் முப்பது எச்ஆரும் மற்ற இருபத்தொன்பது பேரின் முகவரியையும் பார்த்திருப்பார்கள். ஃபோட்டோ காரணமே இல்லை. ஒவ்வொன்றாகப் புதிதாக அனுப்புங்கள். உங்கள் கதைக்கு அப்புறம் வருகிறேன், இப்போது தம்பி பதில் சொல்லட்டும்.

---

நம்பியூரான்

சார், புராஜெக்ட் இதுதான். எங்கள் ஊர்ப் பக்கம் விவசாயக் கிணறுகளில் ஆறு ஓபன்வெல் சப்மெர்சிபிள் பம்ப்செட்டுகளை அளந்தோம். நாங்கள் நான்கு பேர். தண்ணீர் அளவுக்கு 200 லிட்டர் டிரம் வைத்து ஸ்டாப்வாட்ச்சில் நேரம் எடுத்தோம். கிணற்று நீர்மட்டத்துக்குக் கயிறு விட்டு அளந்தோம். கரண்டுக்கு டாங் டெஸ்டர்.

ஒரு 5 எச்பி செட்டில் டிரம் நிறைய 25 நொடி ஆனது, அதாவது நொடிக்கு 8 லிட்டர். நீர்மட்டத்திலிருந்து குழாய் வாய் வரை 18 மீட்டர். வோல்டேஜ் 380, கரண்ட் 7 ஆம்பியர். பவர் ஃபேக்டர் 0.8 என்று வைத்துக்கொண்டோம். கணக்கு இப்படி:

```
Output = 9.81 x 8 x 18 = 1413 W
Input  = 1.732 x 380 x 7 x 0.8 = 3686 W
1413 / 3686 = 38%
38% / 0.8 = 48%
```

கடைசி வரியில் மோட்டார் திறன் 80% என்று எடுத்து, பம்ப்பின் திறனை மட்டும் பிரித்தோம். லேபில் சென்ட்ரிஃப்யூகல் பம்ப் பரிசோதனையில் அப்படித்தான் எடுப்போம்.

---

சோதனைமேடை

அட, இதை வைத்துக்கொண்டா "பம்ப் சம்பந்தமாக ஒரு புராஜெக்ட்" என்று ஒரே வரியில் முடித்தாய்?

இப்போது கேள். முதலில், அந்த 48-ஐ எடுத்துவிடு. ஓபன்வெல் சப்மெர்சிபிளில் மோட்டாரும் பம்ப்பும் ஒரே உடம்பு. எங்கள் வேலையில் இரண்டையும் பிரித்துப் பேசுவதே குறைவு. இந்த வகைக்கான ஐஎஸ் 14220 தரமாகட்டும், பிஇஇ நட்சத்திர முத்திரையாகட்டும், இரண்டும் பார்ப்பது ஒட்டுமொத்தத் திறனை. நீ மோட்டாருக்குப் போட்ட 80 உன் கல்லூரி லேபின் எண். தண்ணீர் நிரப்பிய பழைய 5 எச்பி மோட்டாருக்கு அது வருமா என்று நீ அளக்கவில்லை. ஆகவே நீ நிஜமாக அளந்தது 38. அதை எழுது.

அடுத்தது, அந்தப் பவர் ஃபேக்டர். விவசாய இணைப்பில் பெரும்பாலும் மீட்டர் கிடையாது, அதனால் டாங் டெஸ்டர் பிடித்தீர்கள், புரிகிறது. ஆனால் டாங் டெஸ்டர் ஆம்பியரைத்தான் சொல்லும். 0.8 என்பது உங்கள் ஊகம். நிஜத்தில் 0.75 ஆக இருந்தால் திறன் 41 ஆகிவிடும், 0.85 என்றால் 36. ஒரே ஊகத்தில் ஐந்து புள்ளி ஆடுகிறது.

குழாய் உராய்வையும் நீங்கள் சேர்க்கவில்லை. குழாய் என்ன சைஸ்?

---

நம்பியூரான்

இரண்டரை இஞ்ச் சார். சேர்க்கவில்லை. கைடும் கேட்கவில்லை.

---

சோதனைமேடை

இரண்டரை இஞ்சில் நொடிக்கு 8 லிட்டர் போனால் அந்த நீளத்துக்கு உராய்வே ஒன்றரை, இரண்டு மீட்டர் தின்னும். அதாவது பம்ப் தூக்கியது 18 இல்லை, கிட்டத்தட்ட 20. அந்தப் பாவப்பட்ட பம்ப்பை நீங்கள் கொஞ்சம் குறைத்து மதிப்பிட்டுவிட்டீர்கள். இது குறை இல்லை, கிணற்றடியில் அவ்வளவுதான் முடியும். டெஸ்ட் மேடையில் எங்களுக்கு ஃப்ளோமீட்டர், பிரஷர் கேஜ், பவர் மீட்டர் எல்லாம் இருக்கும். வால்வை மூடிய நிலையிலிருந்து முழுவதும் திறக்கும் வரை பல புள்ளிகள் எடுத்து வளைகோடு போடுவோம். நீ எடுத்தது ஒரே புள்ளி. அதுவும் தெரிந்து சொன்னால் போதும்.

இன்னொரு கேள்வி. நான்கு பேரில் நீ என்ன செய்தாய்?

---

நம்பியூரான்

டாங் டெஸ்டர் பிடித்ததும் எக்செல் ஷீட் போட்டதும் நான். டிரம் பக்கம் இருவர் நின்றார்கள். ரிப்போர்ட் எழுதியது இன்னொருவர். டிரம்மில் நுரை வந்து எங்கே நிறைந்தது என்றே தெரியவில்லை, அதனால் ஒவ்வொரு செட்டிலும் மூன்று தடவை எடுத்துச் சராசரி போடலாம் என்று சொன்னதும் நான்தான்.

---

சோதனைமேடை

நுரை விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது. மூன்று முறை எடுத்ததை மெயிலில் போடு. 25 நொடியில் இரண்டு நொடி தவறினாலே எட்டு சதவீதம் போச்சு. அளவு ஆடும் என்று தெரிந்து திரும்ப எடுத்தவன் எனக்கு வேண்டும். மற்றதை நான் கற்றுக்கொடுத்துவிடுவேன்.

---

ராக்கெட் ரவி

ஒரு நிமிஷம். ஊகம், உராய்வு சேர்க்கவில்லை, ஒரே புள்ளி என்று தானே போய் மெயிலில் ஒப்பித்தால் யார் எடுப்பார்கள்? 48% கேட்க நன்றாக இருக்கிறது, அதையே போட வேண்டும். இன்டர்வியூவில் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். மார்க்கெட்டிங் ப்ரோ, மார்க்கெட்டிங்!

---

சோதனைமேடை

ரவி தம்பி, 48 என்று பார்த்தால் நான் கேட்கும் முதல் கேள்வியே "மோட்டாரை எப்படிப் பிரித்தாய்?" என்பதுதான். பையன் அங்கேயே திணறுவான். அதற்குப் பிறகு அவன் சொல்வது எதையும் நம்பத் தோன்றாது. அதோடு, திறன் அதிகமாக வந்தால் பெருமை, குறைவாக வந்தால் அவமானம் என்று இதில் ஒன்றும் இல்லை. அவன் அந்தப் பம்ப்பைச் செய்யவில்லை, அளந்தான்.

---

மீனா எச்ஆர்

எனக்கு 38-ம் 48-ம் ஒன்றுதான், உண்மையைச் சொன்னால். ஆனால் குறைகள் நான்கு வரிக்குப் போனால் நானே சலித்து மூடிவிடுவேன். ஒரு வரிக்குள் இருக்கட்டும். தம்பி, திருத்தி எழுதிப் போடுங்கள். நான் கேட்கும் விவரங்கள்: போஸ்ட் கோடு, டிகிரி, வருடம், அரியர் நிலை, ஊர், எப்போது சேரலாம், ஷிஃப்ட்டுக்குச் சம்மதமா, புரொவிஷனல் சான்றிதழ் கையில் இருக்கிறதா. மத்திய அரசின் தொழிற்பயிற்சித் தளமான நாட்ஸ் போர்ட்டலில் பதிவு செய்திருந்தால் அதையும் ஒரு வரி போடுங்கள். 1961 பயிற்சியாளர் சட்டத்தின் கீழ் ஒரு வருடப் பயிற்சிக்கு எடுக்கும் கம்பெனிகள் நிறைய. பதிவு எண் ஏற்கெனவே இருந்தால் எங்களுக்கு ஒரு வேலை மிச்சம்.

---

நம்பியூரான்

இதோ இரண்டாவது வடிவம்.

> சப்ஜெக்ட்: `QT-03 Trainee, Testing - B.E. Mechanical 2025 - Nambiyur`
>
> டியர் சார் / மேடம்,
>
> QT-03 டெஸ்டிங் டிரெய்னி வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். 2025-ல் பி.இ. மெக்கானிக்கல் முடித்தேன், அரியர் இல்லை, புரொவிஷனல் சான்றிதழ் கையில் இருக்கிறது. உடனே சேர முடியும், ஷிஃப்ட் வேலைக்குச் சம்மதம், கோவையில் தங்கிக்கொள்வேன்.
>
> இறுதியாண்டில் நான்கு பேர் குழுவாக, விவசாயக் கிணறுகளில் ஆறு ஓபன்வெல் சப்மெர்சிபிள் பம்ப்செட்டுகளின் ஒட்டுமொத்தத் திறனை அளந்தோம். மின் அளவீடும் கணக்கும் என் பொறுப்பு. ஒரு 5 எச்பி செட்டில் 18 மீட்டர் உயரத்துக்கு நொடிக்கு 8 லிட்டர் கிடைத்தது. உள்ளே போன மின்சாரம் சுமார் 3.7 கிலோவாட், திறன் சுமார் 38%. டிரம்மில் நுரை வந்ததால் ஒவ்வொரு நேரத்தையும் மூன்று முறை எடுத்தோம். பவர் ஃபேக்டர் 0.8 என்று எடுத்துக்கொண்டது, குழாய் உராய்வு சேர்க்கவில்லை.
>
> ரெஸ்யூமேயும், ஆறு செட்டின் அளவுகள் உள்ள ஒரு பக்க அட்டவணையும் இணைத்துள்ளேன்.
>
> பெயர், ஃபோன் எண்

நாட்ஸில் இன்னும் பதிவு செய்யவில்லை. இன்று செய்துவிடுகிறேன். சிஜிபிஏ எழுதவில்லை, 6.9 என்று எழுதினால் அங்கேயே கழித்துவிடுவார்களோ என்று பயம்.

---

ஓய்வு வாத்தியார்

இங்ஙனம் கூட இல்லையே! சரி, காலம் மாறிவிட்டது. ஆனால் சிஜிபிஏவை மறைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. மதிப்பெண் என்பது மறைக்க வேண்டிய விஷயமா?

---

மீனா எச்ஆர்

விளம்பரத்தில் குறைந்தபட்ச சிஜிபிஏ கேட்டிருக்கிறதா? கேட்டிருந்தால் எழுதித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் ஃபோன் போட்டுக் கேட்போம் அல்லது தள்ளிவைப்போம். கேட்கவில்லை என்றால் மெயிலில் வேண்டாம், ரெஸ்யூமேயில் மட்டும் இருக்கட்டும்.

---

சோதனைமேடை

எனக்கு இதில் மாற்றுக் கருத்து. மெயிலிலேயே எழுதிவிடலாம். 6.9 எடுத்தவன் இப்படி ஒரு பத்தி எழுதினால் நான் இன்னும் கவனிப்பேன். 9.2 எடுத்து "கடின உழைப்பு" எழுதுகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

---

மீனா எச்ஆர்

நீங்கள் கவனிப்பீர்கள் சார். உங்கள் மேஜைக்கு வருவதற்கு முன்னால் ஏழுக்குக் கீழே கழித்துவிடும் எச்ஆரும் உண்டு. எங்கள் கம்பெனியிலேயே ஒரு வருடம் அப்படி ஒரு கோடு போட்டோம், மெயில் அவ்வளவு வந்தது.

---

நம்பியூரான்

விளம்பரத்தில் சிஜிபிஏ பற்றி எதுவும் இல்லை. ரெஸ்யூமேயில் மட்டும் விடுகிறேன்.

---

ராக்கெட் ரவி

இரண்டாவது வடிவம் நன்றாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்தக் கடைசி இரண்டு ஊகத்தையும் நான் எடுத்துவிடுவேன். டெஸ்டிங் ஆள் இல்லாமல் வேறு யாராவது படித்தால் "என்ன, தப்பாகச் செய்தானா" என்றுதான் தோன்றும்.

---

சோதனைமேடை

அதுவும் நடக்கக்கூடியதுதான். விற்பனைப் பிரிவுக்கு விண்ணப்பித்தால் நானும் எடுக்கச் சொல்லியிருப்பேன். இது டெஸ்டிங்.

ஒரு சின்னத் திருத்தம். "18 மீட்டர் உயரத்துக்கு" என்பதை "நீர்மட்டத்திலிருந்து குழாய் வாய் வரை 18 மீட்டர்" என்று போடு. அப்போதுதான் உராய்வு சேர்க்கவில்லை என்ற வரி எதைப் பற்றியது என்று படிக்கிறவனுக்குப் பிடிபடும். அட்டவணையில் மற்ற ஐந்து செட்டும் இருக்கட்டும், ஒன்று மோசமாக வந்திருந்தாலும் நீக்காதே. ஒன்று ரொம்ப வித்தியாசமாக இருக்கிறதா?

---

நம்பியூரான்

ஒன்று 22% வந்தது சார். அந்தக் கிணற்றில் தண்ணீர் குறைவு, நடுநடுவே காற்று இழுத்தது. ரிப்போர்ட்டிலிருந்து அதை எடுத்துவிடச் சொன்னார்கள், என் ஷீட்டில் இருக்கிறது.

---

சோதனைமேடை

அதை வை. பக்கத்தில் 'அளக்கும்போது காற்று இழுத்தது' என்று ஒரு குறிப்பு போடு. என்னிடம் வந்தால் நான் அதைப் பற்றித்தான் அரை மணி நேரம் பேசுவேன்.

---

மீனா எச்ஆர்

அனுப்பும் முன் சில்லறை விஷயங்கள். ஃபைலின் பெயரில் உங்கள் பெயரும் QT-03-ம் இருக்கட்டும், நாங்கள் டவுன்லோட் செய்து ஒரே ஃபோல்டரில் போடுவோம். வேர்டிலிருந்து மெயிலுக்கு ஒட்டினால் எழுத்துரு ஒரு பத்திக்கு ஒரு மாதிரி வரும், கம்பெனி பெயர் மட்டும் தடித்துத் தெரியும். வேறு கம்பெனிக்கு எழுதியதை மாற்றி அனுப்பியது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். ஒட்டிய பிறகு ஃபார்மேட்டிங் நீக்கிவிடுங்கள். ஜிமெயில் செட்டிங்ஸில் Undo Send நேரத்தை 30 நொடியாக வையுங்கள். அட்டாச்மென்ட் மறந்தது அனுப்பிய மறு நொடியில்தான் ஞாபகம் வரும்.

பதில் வராவிட்டால் ஒரு வாரம், பத்து நாள் கழித்து அதே மெயிலுக்கு 'ரிப்ளை' போட்டு ஒரு வரி கேளுங்கள். புது மெயில் வேண்டாம், பழையதைத் தேட வேண்டியிருக்கும். ஒரு தடவைதான். மூன்றாவது ஞாபகமூட்டல் எரிச்சல்.

---

பி.காம் பிரியா

அக்கா, எனக்கு ஒரு இடத்திலிருந்து ஃபோன் வந்தது! ரெஸ்யூமே செலக்ட் ஆகிவிட்டது, டிரெய்னிங் கிட்டுக்கு 2,500 ரூபாய் கட்டினால் ஆஃபர் லெட்டர் வருமாம். அவர்கள் மெயில் ஜிமெயில் முகவரியிலிருந்து வந்திருக்கிறது.

---

மீனா எச்ஆர்

கட்டாதீர்கள். இன்டர்வியூ இல்லாமல் ஆஃபர், அதற்கு முன்பே பணம், கம்பெனி டொமைன் இல்லாத முகவரி. மூன்றும் சேர்ந்தால் மோசடிதான். அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே ஃபோன் செய்து கேளுங்கள், அவர்கள் கொடுத்த எண்ணுக்கு வேண்டாம். ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

---

பி.காம் பிரியா

கட்டவில்லை, தப்பித்தேன். சரி அக்கா, தம்பிக்குப் பம்ப் இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது? நான் எந்தக் கிணற்றையும் அளக்கவில்லையே.

---

மீனா எச்ஆர்

டேலியில் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். கோர்ஸில் கொடுத்த மாதிரிக் கம்பெனியா, நிஜமான பில்லா?

---

பி.காம் பிரியா

மாமாவின் ஹார்ட்வேர் கடைக்கு ஏழெட்டு மாதம் கொள்முதல் பில் எல்லாம் ஏற்றினேன். ஆனால் அது வேலை இல்லையே, சம்பளம் கிடையாது.

---

மீனா எச்ஆர்

மாதத்துக்கு எத்தனை பில்? சப்ளையர்கள் ஜிஎஸ்டியில் காட்டிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி-யோடு ஒத்துப் பார்த்தீர்களா? ஒத்துப்போகாத பில் வந்தால் என்ன செய்தீர்கள்?

---

பி.காம் பிரியா

சுமார் 120 பில் இருக்கும். ஒத்துப் பார்த்தது ஆடிட்டர் ஆபீஸ். ஆனால் அவர்கள் விடுபட்டது என்று ஒரு பட்டியல் அனுப்புவார்கள், நான் சப்ளையருக்கு ஃபோன் செய்து கேட்பேன். பெரும்பாலும் அவர்கள் ஜிஎஸ்டி எண்ணைத் தப்பாகப் போட்டிருப்பார்கள்.

---

மீனா எச்ஆர்

இதை முப்பது மெயிலில் ஒன்றிலாவது எழுதினீர்களா? தனி இழை திறந்து உங்கள் மெயிலை அப்படியே போடுங்கள், அங்கே வருகிறேன். "ஒத்துப் பார்த்தேன்" என்று மட்டும் எழுதாதீர்கள், அது ஆடிட்டர் ஆபீஸ் செய்தது.

---

நம்பியூரான்

அனுப்பிவிட்டேன். "கிடைத்தது, பரிசீலிக்கிறோம்" என்று ஆட்டோ ரிப்ளை வந்திருக்கிறது. சோதனைமேடை சார், இடையில் அந்த 5 எச்பி செட்டில் பவர் ஃபேக்டரை நிஜமாகவே அளந்து பார்க்கலாம் என்று இருக்கிறேன். எலக்ட்ரிகல் படித்த நண்பன் பவர் கிளாம்ப் மீட்டர் தருவதாகச் சொல்கிறான்.

---

சோதனைமேடை

செய். மூன்று ஃபேஸையும் தனித்தனியாகப் பார், கிராமத்து லைனில் ஒன்றுக்கொன்று ஒத்திருக்காது. ஸ்டார்ட்டர் பெட்டியில் கை வைக்கும் வேலையை உன் நண்பனிடம் விட்டுவிடு, இல்லையென்றால் ஊர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. எண் வந்ததும் இங்கே போடு. 0.8-க்கு மேலே வரும் என்று ரவி பந்தயம் கட்டுவாரா பார்ப்போம்.

---

ராக்கெட் ரவி

பவர் ஃபேக்டர் என்றால் என்ன என்று முதலில் யாராவது எனக்குச் சொல்லுங்கள், அப்புறம் பந்தயம்.